செட்டர் ஆக என்ன குறைகிறது?

கோவையில் கணபதி, சிட்கோ, அரசூர் பக்கம் போனால் பட்டறை வாசல்களில் இரண்டு வகை ஆள் தேவை அறிவிப்புகளைப் பார்க்கலாம். ஒன்று சிஎன்சி ஆபரேட்டருக்கு, மற்றொன்று சிஎன்சி செட்டருக்கு. இரண்டு பேரும் ஒரே லேத்துக்கு முன்னால்தான் நிற்பார்கள். ஆனால் ஆபரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும் வேலையை ஓட்டுகிறவர். அந்த வேலையை மெஷினில் ஏற்றி, முதல் பீஸைச் சரியாக எடுத்துக் கொடுத்து, பிறகு அவரிடம் ஒப்படைப்பவர் செட்டர். சம்பளத்திலும் மரியாதையிலும் வித்தியாசம் உண்டு. ஐந்து வருடம் ஆபரேட்டராக நின்ற ஒருவர், தான் செட்டராக இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "இன்னும் கொஞ்சம் அனுபவம் வேணுங்க தம்பி."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாளைக் காலை ஷிப்டில் எதையும் செய்ய முடியாது. எந்த அனுபவம், எவ்வளவு, அது வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்விகளுக்குத் தாளில் பதில் எழுதும் முறைதான் திறன் இடைவெளி ஆய்வு. போக நினைக்கும் வேலை என்ன கேட்கிறது என்று ஒரு பக்கம், இன்று கையில் இருப்பது என்ன என்று மறுபக்கம் எழுதி, நடுவில் உள்ள தூரத்தை அளப்பது. கேட்பதற்கு எளிதாக இருக்கும். நிறையப் பேர் இதைச் செய்து பார்த்து, தவறான இடத்தில் தூரத்தை அளந்து, தேவையில்லாத கோர்ஸுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள்.

இங்கே வரும் ஆபரேட்டர் குறிப்பிட்ட ஓர் ஆள் அல்ல. அந்த வட்டாரப் பட்டறைகளின் வழக்கமான நிலைமையை வைத்து அமைத்த எடுத்துக்காட்டு. ஐடிஐ முடித்தவர், ஃபேனக் கன்ட்ரோல் உள்ள டர்னிங் மெஷினில் ஐந்து வருடம், பம்ப்செட் ஷாஃப்ட் வேலை. கேம் சாஃப்ட்வேர் கோர்ஸ் ஒன்றில் சேரலாம் என்று காசு சேர்த்து வைத்திருக்கிறார்.

பதவியின் பெயரை உடைப்பது

செட்டர் என்பது ஒரு திறன் அல்ல, ஒரு பெயர். அந்தப் பெயருக்கு எதிரே தன்னை நிறுத்தினால் இடைவெளி ஒரு பெரிய மூட்டமாகத்தான் தெரியும். அதனால் முதல் வேலை, அந்தப் பெயரைச் செயல்களாக உடைப்பது. ஒவ்வொரு செயலும் பக்கத்தில் நிற்பவர் கண்ணால் பார்த்து "செய்தார்", "செய்யவில்லை" என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "ப்ரோக்ராம் அறிவு" என்று எழுதினால் அது அளக்க முடியாத வரி. "வேறு ஷாஃப்டுக்கான ப்ரோக்ராமை எடுத்து, நீளத்தையும் விட்டத்தையும் திருத்தி, கட்டிங் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பிறகு பீஸ் எடுக்கிறார்" என்று எழுதினால் அளந்துவிடலாம்.

இந்த வரிகளை எங்கிருந்து எடுப்பது? விளம்பரத்திலிருந்து மட்டும் எடுத்தால் ஏமாற்றம்தான். விளம்பரம் எழுதுகிறவர் தேவையையும் ஆசையையும் ஒன்றாகக் கலந்து போட்டுவிடுவார். நம் நாட்டில் 2013-இல் அறிவிக்கப்பட்ட தேசிய திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ், பல வேலைகளுக்கும் என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்று விரிவாக எழுதிய ஆவணங்கள் இருக்கின்றன. சிஎன்சி வேலைகளுக்கும் உண்டு. அவை நல்ல தொடக்கம். ஆனால் நாடு முழுவதற்கும் பொதுவாக எழுதப்பட்டவை என்பதால், உங்கள் பட்டறையின் செட்டர் எதில் அதிக நேரம் செலவிடுகிறார் என்பது அவற்றில் இருக்காது. அதற்கு ஒரே வழி, ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை மெஷினில் ஏறும்போது செட்டர் பக்கத்தில் நின்று, தொடக்கம் முதல் முதல் பீஸ் பாஸ் ஆகும்வரை அவர் செய்வதை வரிசையாக எழுதிக்கொள்வது. இரண்டு, மூன்று முறை அப்படி எழுதினாலே பட்டியலின் பெரும்பகுதி வந்துவிடும்.

நம் ஆபரேட்டர் எழுதியது ஏழு வரிகள். ட்ராயிங் படித்து எந்தப் பக்கத்தை முதலில் கடைவது என்று முடிவு செய்தல். சாஃப்ட் ஜாவை மெஷினிலேயே போர் பண்ணி ஜாபைப் பிடித்தல். டூல்களை மாட்டி ஆஃப்செட் எடுத்தல். ப்ரோக்ராமைத் திருத்துதல். முதல் பீஸை அளந்து சைஸுக்குக் கொண்டுவருதல். அதிர்வு, டேப்பர், இன்சர்ட் உடைதல் போன்றவற்றுக்குக் காரணம் கண்டுபிடித்தல். அடுத்த ஷிப்டுக்காக செட்டிங் ஷீட் எழுதி வைத்தல்.

கேம் சாஃப்ட்வேர் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. இவர் போக நினைக்கும் பட்டறையில் செட்டர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ப்ரோக்ராம் எழுதுவதில்லை. மெஷின் பேனலில் நின்று, இருக்கும் ப்ரோக்ராமைத் திருத்துகிறார். ஐந்து அச்சு மில்லிங் மெஷினில் மோல்டு செய்யும் இடத்துக்குப் போக நினைத்திருந்தால் பட்டியலே வேறாக இருக்கும். ஆக, கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பட்டியல் தன் முதல் வேலையைச் செய்துவிட்டது.

மதிப்பெண் போடும் இடம்

பல ஆலைகளில் சுவரில் ஸ்கில் மேட்ரிக்ஸ் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வட்டம், நான்கு கால் பாகங்கள். கால் பாகம் நிறம் தீட்டியிருந்தால் கற்றுக்கொண்டிருக்கிறார், பாதி என்றால் மேற்பார்வையில் செய்கிறார், முக்கால் என்றால் தனியாகச் செய்கிறார், முழுவட்டம் என்றால் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தனி ஆளின் ஆய்வுக்கும் இந்த அளவுகோல் போதும். ஒரு கட்டளை மட்டும் வேண்டும்: நிறம் தீட்டுவதற்கு முன், அதற்கான சாட்சியை எழுத வேண்டும். எந்த ஜாப், எந்த மாதம், யார் பக்கத்தில் இருந்தார்கள், ரிஜெக்ஷன் வந்ததா. சாட்சி இல்லாத முக்கால் வட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் க்ரூகரும் டேவிட் டன்னிங்கும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் கடைசிக் கால்பங்கில் வந்தவர்கள் தங்களைச் சராசரிக்கு மேலாகவே மதிப்பிட்டிருந்தார்கள். ஒரு வேலையைச் சரியாகச் செய்யத் தேவையான அறிவும், அது சரியாக நடந்ததா என்று கண்டுபிடிக்கத் தேவையான அறிவும் பெரும்பாலும் ஒன்றுதான் என்பது அவர்கள் தந்த விளக்கம். அந்த ஆய்வின் கணக்குமுறை பற்றிப் பின்னால் விவாதங்கள் எழுந்தன. ஆனாலும் பட்டறையில் அந்த விளக்கம் அப்படியே பொருந்துவதை ஒரு மைக்ரோமீட்டரை வைத்தே காட்டலாம்.

நம் ஆபரேட்டர் "முதல் பீஸை சைஸுக்குக் கொண்டுவருதல்" என்ற வரியில் தனக்கு முழுவட்டம் போட்டுக்கொண்டார். ஐந்து வருடமாக வேர் ஆஃப்செட் மாற்றிக்கொண்டிருக்கிறவர் வேறு என்ன போடுவார்? சூப்பர்வைசர் போட்டது பாதி. யார் சரி என்று வாதாடுவதைவிட ஒரு பீஸை எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஷாஃப்டில் இம்பெல்லர் உட்காரும் இடம் 25 மில்லிமீட்டர், டாலரன்ஸ் எச்7. அப்படியென்றால் 25.000-க்கு மேல் போகக் கூடாது, 24.979-க்குக் கீழும் போகக் கூடாது. மொத்தம் 21 மைக்ரான் இடம். முதல் பீஸ் 25.012 காட்டுகிறது. ஆபரேட்டர் ஆஃப்செட்டில் 0.012 குறைக்கிறார். அடுத்த பீஸ் 25.000. ட்ராயிங்படி பாஸ். அவர் பார்வையில் வேலை முடிந்தது.

ஆனால் இன்சர்ட் தேயத் தேய வெளிவிட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். மேல் எல்லையிலேயே தொடங்கியதால், அடுத்த சில பீஸ்களில் ஒன்று ரிஜெக்ட் ஆகும். செட்டர் அதே இடத்தில் 0.025 குறைத்து 24.987-இல் நிறுத்துவார். தேய்மானத்துக்கு 13 மைக்ரான் இடம் விட்டுவைத்திருக்கிறார். அந்த எண்ணை ஆஃப்செட்டில் போடுவதற்கு முன் இன்னொன்றும் செய்வார்: பீஸ் ஆறியதா என்று தொட்டுப் பார்ப்பார். எஃகு ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் ஒரு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். பீஸ் 20 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தால் 25 மில்லிமீட்டர் விட்டத்தில் ஏறத்தாழ 6 மைக்ரான் கூடுதலாகத் தெரியும். சூட்டில் 25.012 காட்டியது ஆறிய பின் 25.006 ஆகிவிடும். அதில் 0.025 குறைத்தால் 24.981, கீழ் எல்லைக்கு 2 மைக்ரான் மேலே. தேய்மானம் பற்றித் தெரிந்து, சூடு பற்றித் தெரியாதவர் இந்தப் பக்கம் விழுந்துவிடலாம்.

இப்போது சூப்பர்வைசர் போட்ட பாதி வட்டத்துக்கு அர்த்தம் கிடைக்கிறது. ஆஃப்செட் மாற்ற இவருக்குத் தெரியும். எந்த எண்ணுக்கு மாற்றுவது, ஏன் என்பதுதான் குறைகிறது. "சைஸ் எடுத்தல்" என்று ஒரே வரியாக எழுதியிருந்தால் இந்தக் குறை வெளியே வந்திருக்காது.

ப்ரோக்ராம் வரியில் நேர்மாறாக நடந்தது. அவர் தனக்குக் கால் வட்டம்தான் போட்டார். செட்டர் இந்த நான்கு வரியைத் தாளில் எழுதிக் கொடுத்து, இந்த விட்டத்தில் சக் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றும் என்று கேட்டார்.

```
G50 S2500
G96 S200 M03
G00 X25.0 Z2.0
G01 Z-40.0 F0.2
```

இரண்டாம் வரி வெட்டும் வேகத்தை நிமிடத்துக்கு 200 மீட்டராக வைக்கிறது. 25 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கணக்குப் போட்டால் 2,546 சுற்று வரும். ஆனால் முதல் வரி 2,500-ஐத் தாண்ட விடாது. எனவே விடை 2,500. ஆபரேட்டர் கொஞ்சம் யோசித்துச் சரியாகச் சொன்னார். முதல் வரியை எடுத்துவிட்டால் ஃபேஸிங் செய்யும்போது டூல் மையத்தை நெருங்க நெருங்க மெஷின் தன் உச்ச வேகத்துக்கே போகும் என்றும் சொன்னார். இது கால் வட்ட அறிவு அல்ல. வருடக்கணக்காக ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே நின்றதில் படிக்கத் தெரிந்துவிட்டது. திருத்தி மட்டும் பார்த்ததில்லை.

சூப்பர்வைசர் போடும் மதிப்பெண்ணையும் அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நன்றாக ஓட்டும் ஆபரேட்டரை மெஷினிலிருந்து இழக்க எந்தப் பட்டறைக்கும் மனம் வராது. அந்த எண்ணம், தெரியாமலே, வட்டத்தைச் சின்னதாக்கும். அவரிடமும் அதே சாட்சியைக் கேட்கலாம்: எந்த ஜாபில், எப்போது, என்ன நடந்தது? அதற்குப் பதில் வந்தால் அது மதிப்பீடு. வராவிட்டால் அதை அபிப்பிராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் குறையை முதலில்?

வழக்கமான வழிகாட்டிகள் இந்தக் கட்டத்தில் ஒரு கணக்கைச் சொல்லும்: தேவையான மதிப்பெண்ணிலிருந்து இருக்கும் மதிப்பெண்ணைக் கழித்து, முக்கியத்துவத்தால் பெருக்கு, பெரிய எண் வருவதை முதலில் எடு. எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. கால் வட்டத்திலிருந்து பாதிக்குப் போவதும், பாதியிலிருந்து முக்காலுக்குப் போவதும் ஒரே தூரம் அல்ல. முன்னது சில நாள் பார்த்தாலே வந்துவிடும். பின்னது தனியாக நின்று பொறுப்பேற்கும் தூரம்.

அதைவிடப் பயனுள்ள கேள்வி, எந்தக் குறை மற்றக் குறைகளைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது. நம் எடுத்துக்காட்டில் அது ட்ராயிங். ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள பேரிங் இடம், இந்த 25 மில்லிமீட்டர் விட்டத்தை ஒப்பிட்டு 0.02-க்குள் ரன்-அவுட் இருக்க வேண்டும் என்று ட்ராயிங்கில் ஒரு சின்னக் கட்டத்தில் குறித்திருக்கிறது. அந்தக் கட்டத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு மூன்று முடிவுகள் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். 25 மில்லிமீட்டர் பக்கத்தை முதலில் முடிக்க வேண்டும். பிறகு திருப்பிப் போட்டு, முடித்த அந்த விட்டத்திலேயே பிடிக்க வேண்டும். முடித்த பரப்பைப் பிடிப்பதால் கடின ஜா உதவாது, அந்த விட்டத்துக்கே போர் பண்ணிய சாஃப்ட் ஜா வேண்டும். படிக்கத் தெரியாதவர் கையில் கிடைத்த பக்கத்தைப் பிடிப்பார். இரண்டு விட்டமும் தனித்தனியாக மைக்ரோமீட்டரில் பாஸ் ஆகும், ஷாஃப்ட் மட்டும் டயலில் ஃபெயில் ஆகும். அப்போது அவர் ப்ரோக்ராமைச் சந்தேகிப்பார், மெஷினைச் சந்தேகிப்பார். குறை ட்ராயிங்கில் இருந்தது கடைசிவரை தெரியாது.

ஆகவே பட்டியலில் ஜா போரிங்தான் மிகப் பெரிய இடைவெளியாகத் தெரிந்தாலும், முதலில் எடுக்க வேண்டியது ட்ராயிங்கில் உள்ள அந்தக் கட்டங்கள். சில வார மாலைகளில், தன் பட்டறையில் ஓடும் ட்ராயிங்குகளை மட்டும் வைத்துக்கொண்டே அதைக் கற்றுவிடலாம்.

தெரியாதா, பழக்கமில்லையா, விடவில்லையா?

பயிற்சித் துறையில் ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970-இல் எழுதிய நூலில் ஒரு சோதனை உண்டு. உயிர் போகும் நிலை வந்தாலாவது அவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முடியும் என்றால் பிரச்சினை திறனில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது. பெரும்பாலான திறன் இடைவெளிப் பட்டியல்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. எல்லாக் காலிக் கட்டங்களுக்கும் எதிரே "பயிற்சி தேவை" என்று எழுதிவிடுகிறார்கள். என் கருத்தில் இந்த ஆய்வின் மிகப் பெரிய பிழை இதுதான்.

ஒவ்வொரு இடைவெளிக்கும் எதிரே மூன்றில் ஒரு காரணத்தை எழுத வேண்டும். தெரியாது, தெரியும் ஆனால் கைப்பழக்கம் இல்லை, அல்லது செய்ய விடவில்லை. ட்ராயிங் கட்டங்கள் முதல் வகை. முதல் பீஸ் எடுப்பதில், தேய்மானம் பற்றிய அறிவை ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பீஸின் சூட்டையும் இன்சர்ட்டின் நிலையையும் சேர்த்து எண்ணைத் தீர்மானிப்பது இரண்டாம் வகை, செய்து செய்துதான் வரும்.

ப்ரோக்ராம் திருத்துவது மூன்றாம் வகை. பேனலில் ப்ரோக்ராம் பூட்டுச் சாவி ஒன்று இருக்கும். அது பூட்டியிருந்தால் ப்ரோக்ராமைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. சாவி செட்டரின் சட்டைப் பையில். இதில் பட்டறையைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு புள்ளி இடம் மாறினால் டரட் போய்ச் சக்கில் மோதிவிடும். ஆனால் இந்தக் குறையை எந்தக் கோர்ஸாலும் தீர்க்க முடியாது என்பதை நம் ஆபரேட்டர் புரிந்துகொள்ள வேண்டும். கேம் சான்றிதழோடு திரும்பி வந்தாலும் சாவி அதே பையில்தான் இருக்கும். ஜா போரிங்கும் இப்படித்தான். ஆபரேட்டர் ஷிப்டுக்கு வரும்போது ஜா போர் பண்ணி முடிந்திருக்கும். ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட அந்த வேலை அவர் கைக்கு வரவில்லை.

மூன்றாம் வகைக் குறைகளுக்கு மருந்து ஒரு ஒப்பந்தம். நம் ஆபரேட்டர் சூப்பர்வைசரிடம் கேட்கக்கூடியது இது: வாரம் ஒரு வேலைமாற்றத்தில் செட்டருக்குக் கையாளாக நிற்கிறேன். முதல் மாதம் ஜாவை நான் போர் பண்ணுகிறேன், அண்ணன் டயல் வைத்துப் பார்க்கட்டும். அடுத்த மாதம் டூல் ஆஃப்செட் நான் எடுக்கிறேன். மூன்றாம் மாதம் பழைய ஜாபுக்கான ப்ரோக்ராமை அண்ணன் முன்னால் திருத்துகிறேன், சாவி அவரிடமே இருக்கட்டும். சூப்பர்வைசருக்கு இதில் நஷ்டம், வேலைமாற்றத்துக்கு அரை மணி நேரம் கூடுதலாகலாம். லாபம், செட்டர் லீவு போட்ட நாளில் மெஷின் நிற்காது. "எனக்கு ட்ரெயினிங் கொடுங்க" என்ற கோரிக்கையைவிட இதற்குச் சம்மதம் கிடைப்பது எளிது, ஏனென்றால் யார், எப்போது, எதை, யார் கண் முன்னால் என்று எல்லாம் அதில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் புதிய ஆட்களை வேகமாகப் பழக்க உருவாக்கிய டிடபிள்யூஐ என்ற பயிற்சி முறையில், மேற்பார்வையாளர் இப்படி ஓர் அட்டவணை வைத்திருப்பார். ஒரு பக்கம் ஆட்கள், மறுபக்கம் வேலைகள். செய்யத் தெரிந்த கட்டத்தில் ஒரு குறி. தெரியாத கட்டத்தில், எந்தத் தேதிக்குள் தெரிந்திருக்க வேண்டும் என்ற தேதி. காலிக் கட்டத்தில் மதிப்பெண்ணைவிடத் தேதி நல்லது என்று நானும் நினைக்கிறேன். தேதி தள்ளிப்போகும்போது, கற்றுக்கொள்ள முடியவில்லையா, வாய்ப்பே வரவில்லையா என்று உடனே கேட்கத் தோன்றும்.

இந்த ஆய்வு சொல்லாத ஒன்றும் இருக்கிறது. ஏழு வரிகளிலும் முக்கால் வட்டம் வந்துவிட்டாலும், அதே பட்டறையில் ஒரே செட்டர்தான், அவரும் ஓய்வு பெற இருபது வருடம் இருக்கிறது என்றால் அங்கே பதவி கிடையாது. அது திறன் இடைவெளி அல்ல, இடமே இல்லாதது. இதை முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. வெளியே போவதாக இருந்தால் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேரும்: போகும் இடத்தில் சீமென்ஸ் கன்ட்ரோல் என்றால் ஆஃப்செட் பக்கமும் சைக்கிள்களும் வேறு மாதிரி இருக்கும். ஜா போரிங்கும் ட்ராயிங்கும் முதல் பீஸும் மட்டும் எங்கே போனாலும் மாறாது.

வெளியே போகும் நாளில் அவர் கையில் இருக்க வேண்டியவை அந்த மூன்று மாதத்தில் தன் கையெழுத்தில் எழுதிய செட்டிங் ஷீட்டுகள். ஜாபின் விவரமும் வாடிக்கையாளரின் ட்ராயிங்கும் பட்டறைக்குச் சொந்தம், அவற்றை எடுத்துப் போகக் கூடாது. ஆனால் எந்த மாதிரி ஜாப், ஜாவை எந்த விட்டத்துக்குப் போர் பண்ணினார், ரன்-அவுட் எவ்வளவு வந்தது, முதல் பீஸ் எத்தனையாவது முயற்சியில் பாஸ் ஆனது, எந்த எண்ணில் நிறுத்தினார், ஏன் என்று அவருடைய நோட்டில் தேதியோடு இருக்கும். நேர்முகத்தில் ஃபோர்மேன் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய இவைதான்.